ஊருணி வரத்துக்கால் ஓரத்தில் தங்கம் பிரிக்க இடம் கொடுத்த எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சி மன்றத் தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலருக்கும்,

வளம் மீட்புப் பூங்காவில் குவிந்து கிடக்கும் பழைய டிவி, கணினி, செல்போன், மிக்ஸி எல்லாவற்றையும் அதிக விலை கேட்டவருக்கே கொடுப்பது என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அதோடு நிற்காமல், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரத்துப் பொட்டலையும் அதே ஏலதாரருக்குக் குத்தகைக்கு விட முடிவு செய்திருக்கிறீர்கள். அங்கே அவர் கணினிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளிலிருந்து தங்கம் பிரிப்பார், பேரூராட்சிக்கு வருமானம் வரும், ஊர்க் குப்பையே நகரத்துச் சுரங்கம் ஆகும் என்று கூட்டத்தில் பேசப்பட்டது. இந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் தங்க வேலை செய்பவன். என் அப்பாவும் தாத்தாவும் இதே பட்டறையில் உட்கார்ந்தவர்கள். நகரத்தார் வீட்டுக் கழுத்திருவை அழித்துச் செய்வதிலிருந்து, பட்டறையில் கூட்டிய தூசியை எரித்து அலசி அதில் ஒட்டிய பொடித் தங்கத்தை எடுப்பது வரைக்கும் எல்லாம் பழக்கம். வெடியுப்புத் திராவகம் எனும் நைட்ரிக் அமிலத்தையும், அதோடு உப்பு அமிலம் சேர்த்துத் தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தையும் கையாளத் தெரியும். அவை எதைக் கரைக்கும், கரைத்தபின் என்ன மிஞ்சும் என்பதும் தெரியும். அதனால்தான் இந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தீர்மானம் வருவதற்கு முன்பே அந்தப் பொட்டலில் தகரக் கொட்டகை போட்டு வேலை நடக்கிறது. போய்ப் பார்த்தேன். அடுப்பில் பெரிய இரும்புத் தகடு. அதன்மேல் கணினிப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, சில்லுகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பற்றாசு என்ற ஈயக் கலவை இளகியதும் குறடால் அவற்றைப் பிடுங்குகிறார்கள். பக்கத்தில் நீல பீப்பாய்கள். ஒன்றிலிருந்து செம்பழுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அது வெடியுப்புத் திராவகம் செம்பைத் தின்னும்போது வரும் புகை. நெஞ்சில் இறங்கினால் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்டும். அங்கே வேலை செய்த இரண்டு பையன்களும் முகத்தில் துண்டு மட்டும் கட்டியிருந்தார்கள். துண்டு இந்தப் புகையைத் தடுக்காது.

கொட்டகையின் பின்புறம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வரத்துக்காலில் விட்டிருக்கிறார்கள். தேங்கியிருந்த தண்ணீர் நீலப்பச்சையாக இருந்தது. ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வந்து, துரு தேய்த்த இரும்பு ஆணி ஒன்றை அதில் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஆணி செம்பு நிறத்துக்கு மாறிவிட்டது. தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு இரும்பின் மேல் வந்து படிந்தால்தான் இப்படி நடக்கும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை, எந்தப் பட்டறையிலும் செய்து பார்க்கலாம். செம்பு கரைந்து வந்த அதே தண்ணீரில் பற்றாசின் ஈயமும் பலகையின் நிக்கலும் வந்திருக்குமா என்பதற்குத்தான் ஆய்வகம் வேண்டும். அதைச் செய்யச் சொல்லியும் இந்த மடலில் கேட்கிறேன்.

கொட்டகைக்காரரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். “பத்தரே, ஒரு டன் செல்போன்ல முந்நூறு கிராம் தங்கம் இருக்கு. சுரங்கத்துல ஒரு டன் கல்லை உடைச்சா ரெண்டு மூணு கிராம்தான்” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பேட்டரி நீக்கிய செல்போன் ஒரு டன்னில் ஏறத்தாழ அந்த அளவு தங்கம் இருந்ததாகப் பழைய கணக்குகள் உண்டு. கணினிப் பலகையில் டன்னுக்கு 200 கிராம் முதல் 250 கிராம் வரை சொல்வார்கள். மன்றத்தில் பேசியவர்களும் இந்த எண்களைத்தான் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் நீங்கள் ஏலம் விட்டது ஒரு டன் செல்போனையோ ஒரு டன் பலகையையோ அல்ல.

ஏல அறிவிப்பிலேயே பட்டியல் இருக்கிறது. மொத்தம் 6 டன். அதில் பழைய குழாய் டிவி 150. அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிதான் பெரும்பாலும். கணினி 40, செல்போன் 200. மிச்சமெல்லாம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, பிரிண்டர், யுபிஎஸ். மிக்ஸியிலும் கிரைண்டரிலும் மின்விசிறியிலும் செம்புக் கம்பி உண்டு, தங்கம் கிடையாது. டிவியில் ஒரு பலகை இருக்கிறது, ஆனால் அது பழுப்பு நிற மலிவுப் பலகை. டன்னுக்கு 20 கிராம் தங்கம் இருந்தால் அதிகம். டிவிக்கு ஒரு கிலோ என்று 150 கிலோ பலகை வைத்தால் அதில் 3 கிராம். கணினிக்கு ஒரு கிலோ என்று 40 கிலோ பலகையில், டன்னுக்கு 200 என்றே வைத்தாலும், 8 கிராம். செல்போன் ஒன்றில் சராசரியாக 0.034 கிராம் என்பது அமெரிக்கப் புவியியல் துறை முன்பு சொன்ன கணக்கு. 200 போனுக்கு 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக 6 டன்னிலும் சேர்த்து 18 கிராம். இரண்டேகால் பவுன். டன்னுக்கு 3 கிராம்தான் வருகிறது. கொட்டகைக்காரர் சுரங்கத்துக் கல்லுக்குச் சொன்ன அதே அளவு!

இதுதான் இந்தத் தொழிலின் முதல் செலவு. தங்கம் செறிந்து கிடப்பது பலகையில். பலகை கிடப்பது குப்பைக்குள்ளே. வீடு வீடாகச் சேகரித்து, ஏற்றி இறக்கி, திருகைக் கழற்றி, தங்கம் உள்ளதை இல்லாததிலிருந்து பிரித்து வைத்த பிறகுதான் அந்த 200 கிராம் கணக்கு உண்மையாகும். ஜப்பான் 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியே இரண்டு வருடம் சேகரித்தது. சுமார் 79,000 டன் பழைய கருவிகள், அவற்றோடு 62 லட்சம் செல்போன். எல்லாவற்றிலிருந்தும் வந்த தங்கம் 32 கிலோ.

பலகையைப் பிரித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அதில் தங்கம் எப்படி இருக்கிறது? கணினி நினைவகப் பட்டையின் ஓரத்தில் மஞ்சளாக மின்னும் பற்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கம் துருப்பிடிக்காது, ஒவ்வொரு முறை சொருகும்போதும் தொடர்பு விட்டுப்போகாது, அதனால்தான் அங்கே தங்க முலாம். ஒரு பட்டையில் 240 பற்கள். ஒரு பல்லின் அகலம் 0.8 மில்லிமீட்டர், நீளம் இரண்டரை மில்லிமீட்டர் அளவு. முலாமின் தடிமன் தரமானதில் 0.75 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. பெருக்கிப் பார்த்தால் ஒரு பட்டைக்கு 7 மில்லிகிராம் தேறாது. ஒரு பவுனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் வேண்டும். பல பட்டைகளில் முலாம் இதிலும் பாதி தடிமன்தான். தங்கம் விலை ஏற ஏற, செய்பவர்கள் முலாமை மெலிதாக்குகிறார்கள். பல சில்லுகளுக்குள் தங்கக் கம்பி இருந்த இடத்தில் இப்போது செம்புக் கம்பி வந்துவிட்டது. இனி வரப்போகும் குப்பையில் தங்கம் இன்னும் குறையும். மூன்று வருடக் குத்தகைக்கு வருமானக் கணக்குப் போட்டவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த மெல்லிய படலத்தைச் சுற்றி இருப்பது செம்பு. பலகையின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செம்புதான். திராவகத்தில் போட்டால் முதலில் கரைவது அது. ஒரு கிலோ செம்பைக் கரைக்க, கடையில் கிடைக்கும் 68 சதவீத வெடியுப்புத் திராவகம் 4 கிலோவுக்குக் குறையாது. உங்கள் 40 கிலோ கணினிப் பலகையில் 8 கிலோ செம்பு. அதை முழுக்கக் கரைப்பதென்றால் 32 கிலோ திராவகம் ஊற்ற வேண்டும், 8 கிராம் தங்கத்துக்காக. கொட்டகையில் முழுக்கக் கரைப்பதில்லை. மஞ்சள் தெரியும் துண்டுகளை வெட்டி எடுத்து அவற்றை மட்டும் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தங்கம், சில்லுக்குள் இருப்பது, அப்படியே எரிப்புக்குப் போகிறது.

வெட்டிப் போட்டதிலும் எல்லாம் வருவதில்லை. பற்றாசில் வெள்ளீயம் இருக்கிறது. அது வெடியுப்புத் திராவகத்தில் கரையாமல் வெள்ளைக் கூழாக மாறும். வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், பொடித் தங்கத்தையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் கூழைக் கொட்டினால் தங்கமும் சேர்ந்து போகும். அடுத்து ராஜ திராவகம். அதில் கரைந்த தங்கத்தைப் பொடியாக இறக்க சோடியம் மெட்டாபைசல்பைட் போடுவார்கள். முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டை எடுத்து வெள்ளீயக் குளோரைடு கரைசலில் விட வேண்டும். ஊதா தெரிந்தால் தங்கம் இன்னும் கரைசலில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கொட்டகையில் இந்தக் கரைசல் குப்பி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பார்க்காமலே பீப்பாயைக் கவிழ்க்கிறார்கள். பெங்களூரில் இப்படிப்பட்ட கொட்டகைகளை ஆராய்ந்தவர்கள், பலகையில் இருந்த தங்கத்தில் நாலில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் நம் 6 டன்னிலிருந்து அவருக்குத் தேறுவது அரைப் பவுனைச் சுற்றித்தான்.

அப்படியானால் ஏன் அதிக விலை கேட்டார் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு லாபம் மிக்ஸி மோட்டாரின் செம்பிலும், இரும்பிலும், அலுமினியத்திலும் இருக்கிறது. அது தவறே இல்லை, எந்தப் பழைய இரும்புக் கடையும் அப்படித்தான் பிழைக்கிறது. தவறு எங்கே என்றால், அவர் செய்யாமல் விடும் செலவில். 150 டிவிக் குழாய்களின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, கிலோ கணக்கில். அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். முறையாக ஒப்படைக்க வேண்டுமென்றால் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். செலவான திராவகத்தைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கி, இறங்கும் உலோகச் சேற்றை ஆபத்தான கழிவுக்கான இடத்துக்கு அனுப்ப வேண்டும். புகைக்குப் புகைபோக்கியும் அதைக் கழுவும் ஏற்பாடும் வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் உங்கள் ஏலத்தில் இந்த விலை கேட்கவே முடியாது. ஏலத்தில் தோற்றவர்களில் சட்டப்படி பதிவு பெற்ற ஒரு மறுசுழற்சியாளரும் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் குறைவாகக் கேட்டதற்குக் காரணம் இந்தச் செலவுகள்தான். அதிக விலை ஒன்றையே அளவுகோலாக வைத்தால், செலவைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார்.

முறையாகச் செய்யும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்னணுக் குப்பையிலிருந்து தங்கம் எடுப்பதே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஐரோப்பாவில் உள்ள பெரிய செம்பு உருக்காலைகளில் பலகையை அப்படியே உலையில் போடுகிறார்கள். உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் செம்பைத் தகடாக வார்த்து மின்பகுப்பில் சுத்தம் செய்யும்போது, செம்பு ஒரு பக்கம் போய்ப் படிய, கரையாத தங்கமும் வெள்ளியும் தொட்டியின் அடியில் சேறாகச் சேர்கின்றன. அந்தச் சேற்றைத்தான் புடம்போடுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தங்கம் கைக்கு வருகிறது. ஆனால் பலகையின் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் இருக்கிறது. அரைகுறைச் சூட்டில் எரிந்தால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். அதனால் அந்த ஆலைகளில் உலையைவிடப் புகையைச் சுத்தம் செய்யும் பகுதியைத்தான் பெரிய ஏற்பாடாகப் பேசுவார்கள். இவ்வளவு முதலீடு போட்டவர்கள் சாக்கு மூட்டைக் கணக்கில் வாங்க மாட்டார்கள். டன் கணக்கில் சேர வேண்டும், ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து அரைத்து மாற்றுப் பார்க்க வேண்டும், பணம் வரத் தாமதமாகும். ஒரு சின்ன ஊர் இதைத் தனியாகச் செய்ய முடியாது. சேர்த்துக் கொடுக்க மட்டும் முடியும்.

உலகத் தங்க வரத்தில் இதன் இடமும் மன்றத்தில் சொன்ன அளவுக்கு இல்லை. 2024-ல் உலகச் சந்தைக்கு வந்த தங்கம் சுமார் 5,000 டன். சுரங்கத்திலிருந்து வந்தது சுமார் 3,660 டன். பழையதை உருக்கி வந்தது சுமார் 1,370 டன். இந்த 1,370-ல் பத்தில் ஒன்பது பங்கு நகைகளும் கட்டிகளும்தான். மின்னணுப் பொருட்கள் மாதிரியான தொழில் கழிவிலிருந்து வருவது மீதி ஒரு பங்கு. காரணம் எளிது. என்னிடம் ஒருவர் பழைய வளையலைக் கொண்டுவந்தால் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தங்கம். மூசையில் உருக்கிப் புடம்போட்டால் அன்றைக்கே வேலை முடிந்தது. விலை ஏறினால் வளையல் வீட்டுப் பெட்டகத்திலிருந்து தானே வெளியே வரும். செல்போன் அப்படி வராது. தங்கம் விலை ஏறியதற்காக யாரும் போனைக் குப்பையில் போடுவதில்லை. 2022-ல் உலகத்தில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22 சதவீதம்தான். மீதியில் உள்ள தங்கம் நம் கொட்டகை போன்ற இடங்களில் பாதிக்கு மேல் தொலைகிறது, அல்லது மேசை டிராயரில் கிடக்கிறது. வரத்தைக் கூட்ட வேண்டுமானால் சேகரிப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் செய்ய முடிந்ததும் அதுதான்.

சட்டமும் அதைத்தான் உங்களிடம் கேட்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஊர்க் குப்பையில் கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்துச் சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோ சேர்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. அதிக விலை கேட்பவரிடம் கொடுக்கச் சொல்லவில்லை. பதிவு பெற்றவர் மீட்கும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்புக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் கிடைக்கும். அதை அவர் உற்பத்தி நிறுவனங்களுக்கு விற்கலாம். முறையாகச் செய்வதன் கூடுதல் செலவை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. கொட்டகைக்குப் போகும் ஒவ்வொரு பலகையும் இந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது.

இந்தப் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீரை வரத்துக்கால் வழியாகக் கொண்டுவந்து ஊருணியில் நிறுத்தித்தான் நம் முன்னோர் இந்த வறண்ட பூமியில் ஊர் கட்டினார்கள். ஊருணிக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று இன்றும் சில ஊர்களில் கட்டுப்பாடு இருக்கிறது. அடுத்த ஐப்பசி மழைக்கு அந்த வரத்துக்காலில் தேங்கியிருப்பதெல்லாம் உள்ளே வந்துவிடும். செம்பும் ஈயமும் வெயிலில் காய்ந்து போகிற சரக்கு அல்ல, வண்டலில் தங்கிவிடும். அதனால் மழைக்கு முன்னால் நடக்க வேண்டியவற்றைக் கேட்கிறேன்.

குத்தகைத் தீர்மானத்தை ரத்து செய்து, கொட்டகையில் திராவக வேலையை உடனே நிறுத்துங்கள். பீப்பாய்களில் இருப்பதை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போகவிடாமல், மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் முன்னிலையில் அளந்து முத்திரையிட்டு, ஆபத்தான கழிவாக அனுப்புங்கள். செலவை ஏலதாரரிடம் வாங்குங்கள். வரத்துக்கால் தண்ணீரையும், வண்டலையும், ஊருணித் தண்ணீரையும் செம்பு, ஈயம், நிக்கல், காட்மியம் நான்குக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் இயங்கும் சிக்ரி ஆய்வு நிலையம் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிறது. அவர்களிடம் ஆலோசனை கேட்க நமக்கு ஒரு கடிதச் செலவுதான். முடிவு நல்லதோ கெட்டதோ, அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். அந்த இரண்டு பையன்களுக்கும் நுரையீரல் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

6 டன் சரக்கைத் திரும்ப எடுத்து, செல்போன், கணினிப் பலகை, டிவிக் குழாய், மோட்டார் சாமான் என்று தனித்தனியாக எடை போட்டு வையுங்கள். மோட்டார் சாமானைப் பழைய இரும்புக்கு விற்பதற்கு முன், அதையும் பதிவு பெற்றவர் வழியாகவே அனுப்ப வேண்டுமா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். பலகையையும் போனையும் பதிவு பெற்றவருக்கே கொடுங்கள், விலை குறைவாக இருந்தாலும். கொடுக்கும்போது அவருடைய பதிவு எண்ணும், வகைவாரியாக எடையும் எழுதிய ரசீது வாங்கி மன்றத்தில் வையுங்கள். தனியாக லாரிச் செலவு கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளோடு பேசி வருடத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புங்கள்; அதற்கான ஒரு தீர்மானத்தை அடுத்த கூட்டத்தின் பொருளில் சேருங்கள். பிரித்து எடை போடும் வேலைக்கு எங்கள் தொழிலில் கை பழகிய நாலைந்து பேர் கூலி இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம். எந்தத் தேதி என்று மட்டும் எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஊருணித் தெருப் பட்டறையில் தங்க வேலை செய்யும் ஒருவன்